ஊர் திரும்பியவரின் டேட்டிங் பயோ: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெடுநாள் வெளிநாட்டில் இருந்துவிட்டுச் சொந்த ஊருக்குத் திரும்பியிருந்த நண்பர் ஒருவர், டேட்டிங் செயலியில் போடுவதற்காகத் தாம் எழுதிய அறிமுகக் குறிப்பை என்னிடம் காட்டினார். அவர் அனுமதியுடன், அடையாளம் தெரியும் சொற்களை மாற்றி இங்கே தருகிறேன்:

"ஒன்பது ஆண்டுகள் வெளிநாட்டில் இருந்துவிட்டு இப்போதுதான் ஊர் திரும்பியிருக்கிறேன். 14 நாடுகள் பார்த்தாயிற்று. இங்கே எல்லாமே மாறிவிட்டது. டேட்டிங் எப்படி நடக்கிறது என்றே தெரியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்! அங்கே எல்லோரும் மனம் திறந்து பேசுவார்கள், இங்கேயும் அப்படி ஒருவரைத் தேடுகிறேன். எப்படிப் போகிறதோ பார்ப்போம்."

இதில் பொய் ஒன்றுகூட இல்லை. எழுதியவர் நல்லவர் என்பதும் தெரிகிறது. ஆனாலும் மூன்று வாரங்களில் அவருக்குக் கிடைத்த உரையாடல்கள் எல்லாம் இரண்டு மூன்று செய்திகளிலேயே நின்றுபோயின. ஊர் திரும்பும் பலர் எழுதும் பயோ ஏறக்குறைய இப்படித்தான் இருக்கிறது என்பதால், இதையே வைத்துக்கொண்டு தவறுகளைப் பார்க்கலாம்.

முதல் தவறுதான் மிகப் பெரியது. இவர் இங்கே இருக்கப் போகிறாரா, மறுபடி கிளம்பிவிடுவாரா என்பது இந்தக் குறிப்பில் எங்குமே இல்லை. எழுதியவருக்கு அது வெளிப்படையான விஷயம். வேலையை விட்டுவிட்டு, வீட்டுச் சாமான்களைக் கப்பலில் அனுப்பிவிட்டு வந்தவர் அவர். படிப்பவருக்கோ அது எதுவும் தெரியாது. "இப்போதுதான் திரும்பியிருக்கிறேன்" என்பதை ஒரு மாத விடுமுறைக்கு வந்தவரும் எழுதலாம். நிலையான உறவைத் தேடுகிறவர், விடை தெரியாத இந்தக் கேள்வியைத் தாமே கேட்டுத் தெளிந்துகொள்ள முனைய மாட்டார். அடுத்த முகத்துக்குப் போய்விடுவார்.

இந்தத் தெளிவின்மைக்குப் பின்னால் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. நீங்கள் ஊரைவிட்டுப் போனபிறகு டேட்டிங்கில் வந்த மாற்றங்களில் முக்கியமானது, மோசடி குறித்த எச்சரிக்கை. காதல் மோசடிக்காரர்கள் அதிகம் சொல்லும் கதைகளில் ஒன்று, "வெளிநாட்டில் வேலையில் இருக்கிறேன், விரைவில் வந்துவிடுவேன்" என்பது. தொலைதூர ராணுவப் பணி, கடல் நடுவே எண்ணெய்க் கிணறு என்று காரணம் மாறும், கதை மாறாது. அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்திடம் 2022இல் மட்டும் ஏறத்தாழ 70,000 பேர் இத்தகைய மோசடிகளைப் புகாராகத் தெரிவித்தார்கள். இழந்த தொகை 130 கோடி டாலர். இதையெல்லாம் கேள்விப்பட்டிருக்கும் ஒருவர், "அடுத்த மாதம் ஊருக்கு வருகிறேன், இப்போதே பழகலாம்" என்ற வரியைப் பார்த்தால் என்ன நினைப்பார்? நேர்மையாக எழுதிய உங்கள் வரியும் மோசடிக்காரரின் வரியும் அவர் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும்.

ஆகவே, வந்து சேர்ந்த பிறகு கணக்கைத் தொடங்குவதே நல்லது என்பேன். டின்டர் போன்ற செயலிகளில் கட்டணம் செலுத்தி வேறு ஊரை இருப்பிடமாக வைத்துக்கொள்ளும் வசதி உண்டு. அதை மாதக்கணக்கில் முன்கூட்டியே பயன்படுத்தினால், சந்திக்கவே முடியாத மனிதர்களோடு செய்தி அனுப்பிக்கொண்டிருப்பதுதான் மிஞ்சும். முன்கூட்டியே தொடங்கித்தான் ஆக வேண்டும் என்றால், எந்த மாதம் வருகிறீர்கள் என்று எழுதுங்கள். வந்த அன்றே அந்த வரியை மாற்றிவிடுங்கள். ஜூனில் வந்தவரின் பயோவில் செப்டம்பரிலும் "ஜூனில் வருகிறேன்" என்று கிடந்தால், மற்ற வரிகளையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

நிரந்தரமாக இருப்போமா என்று உங்களுக்கே தெரியவில்லையா? அதையும் அளவோடு சொல்ல முடியும். "குறைந்தது ஓராண்டு இங்கேதான், அதன்பின் வேலையைப் பொறுத்தது" என்ற வரியை வைத்து ஒருவர் முடிவெடுக்கலாம். "எப்படிப் போகிறதோ பார்ப்போம்" என்பதை வைத்து எதையும் முடிவெடுக்க முடியாது. இன்றைய செயலிகள் பலவற்றில், எத்தகைய உறவைத் தேடுகிறீர்கள் என்பதற்குத் தனிக் கட்டமே இருக்கிறது. நீண்டகால உறவு, குறுகிய கால உறவு, இன்னும் முடிவு செய்யவில்லை என்று அதில் தெரிவுகள் வரும். இப்போதுதான் ஊர் திரும்பிய ஒருவர் அங்கே "இன்னும் முடிவு செய்யவில்லை" என்பதையும் தேர்ந்தெடுத்தால், இடமும் உறுதியில்லை, மனமும் உறுதியில்லை என்று இரண்டாகச் சேர்ந்துவிடும்.

அடுத்தது, "டேட்டிங் எப்படி நடக்கிறது என்றே தெரியவில்லை" என்ற வரி. இதை எழுதத் தூண்டும் உணர்வு எனக்குப் புரிகிறது. தவறு ஏதும் செய்துவிட்டால் மன்னித்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையில், முன்கூட்டியே கேட்டு வைக்கும் மன்னிப்பு அது. ஆனால் படிப்பவர் கையில் அது ஒரு வேலையாகப் போய்ச் சேருகிறது: இவருக்கு நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும் போலிருக்கிறது. அதோடு, நடைமுறை தெரியாதவரைத் தேடி அலைகிறவர்களுக்கு இதைவிட நல்ல அடையாளம் கிடைக்காது. "இங்கே இப்போது இப்படித்தான்" என்று எதையும் சொல்லி நம்பவைக்க முடியும் என்று நீங்களே அறிவித்ததாகிவிடும்.

தயக்கத்தை மறைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்தத் தயக்கத்துக்குள் ஒரு பயனுள்ள செய்தி இருக்கும். அதை மட்டும் எடுத்து எழுதுங்கள். நண்பரிடம் கேட்டபோது, நாள்கணக்கில் செய்தி அனுப்பிக்கொண்டிருப்பது தமக்கு ஒத்துவரவில்லை, சீக்கிரம் நேரில் பார்த்துப் பேசினால்தான் ஒருவரைப் புரிந்துகொள்ள முடிகிறது என்றார். தெரியவில்லை என்று அவர் எழுதியதன் பொருள் இதுதான். "செய்திகளில் நான் மெதுவானவன்; நேரில் ஒரு மணி நேரம் பேசுவதையே விரும்புவேன்" என்று அதை எழுதினால், அவர் எப்படி நடந்துகொள்வார் என்பது படிப்பவருக்குத் தெரிந்துவிடுகிறது.

வெளிநாட்டு வாழ்க்கையை எவ்வளவு எழுதலாம்? ஒரு வரி போதும். 14 நாடுகள் என்ற எண்ணிக்கையிலிருந்து ஓர் உரையாடலும் பிறக்காது. அதைவிடக் கேடு, ஒப்பீடு. "அங்கே மனம் திறந்து பேசுவார்கள்" என்று சொன்னால், இங்கே இருப்பவர்கள் அப்படிப் பேசுவதில்லை என்று சொன்னதாகவே படிக்கப்படும். படிப்பவரோ நீங்கள் இல்லாத ஆண்டுகளெல்லாம் இங்கேயே வாழ்ந்தவர். சொந்த ஊர் என்பதால் இது இன்னும் கூர்மையாகும். பெருநகரத்தில் முகம் தெரியாதவர் படிப்பார். இங்கே உங்கள் பள்ளித் தோழி, அண்டை வீட்டாரின் மகன், முன்பு நேசித்தவரின் தங்கை எல்லோருமே அதைப் படிக்கக்கூடும். அதே காரணத்தால் தெருப் பெயர், பணியிடம், வீடு பூட்டியிருக்கும் நாள்கள் ஆகியவற்றைக் குறிப்பிடாமல் இருப்பதும் நல்லது. ஊர் சிறியதாக இருந்தால், இரண்டு விவரங்களைச் சேர்த்தாலே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்.

நீளத்தைப் பற்றி ஒரு சொல். முன்பு சில டேட்டிங் தளங்களில் பக்கக்கணக்கில் எழுதிய பழக்கம் இப்போது உதவாது. டின்டரில் 500 எழுத்துகள், பம்பிளில் 300, ஹின்ஜில் மூன்று கேள்விகளுக்கான விடை தலா 150 என்பதே நான் பார்த்த வரம்பு. தமிழில் எழுதுகிறவர்கள் இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். கணினி பொதுவாக உயிர்மெய்க் குறியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணும். "திரும்பிவிட்டேன்" என்பது நம் கண்ணுக்கு எட்டு எழுத்து, கணினிக்குப் பதினாறு. பாதி வாக்கியத்தில் பயோ வெட்டுப்பட்டு நிற்பதைச் சிலர் கவனிப்பதே இல்லை. சேமித்தபின் ஒருமுறை திறந்து கடைசிச் சொல்வரை படித்துப் பாருங்கள்.

நண்பரும் நானும் சேர்ந்து மாற்றி எழுதியது இது:

"ஒன்பது ஆண்டுகள் வெளியே இருந்தேன், மார்ச்சில் நிரந்தரமாக ஊர் திரும்பிவிட்டேன். வேலையும் இங்கேதான். பள்ளிக்கு ஓட்டிய அதே சைக்கிளைச் சரிசெய்து காலையில் ஓட்டுகிறேன்; பாதி வழி மறந்துவிட்டது. செய்திகளில் மெதுவானவன், நேரில் நன்றாகப் பேசுவேன். நான் இல்லாதபோது இந்த ஊருக்கு வந்த நல்ல இடம் ஒன்றைச் சொல்லுங்கள்."

நீண்டகால உறவைத் தேடுவதை அதற்கான கட்டத்தில் குறித்துவிட்டதால், பயோவில் அதற்கு இடம் செலவாகவில்லை. ஊரில் இருப்பது உறுதி என்பது முதல் இரண்டு வாக்கியங்களிலேயே முடிந்துவிடுகிறது. சைக்கிள் வரியைப் பற்றி நாங்கள் கொஞ்சம் வாதிட்டோம். பழைய நினைவு தேவையில்லை என்றார் அவர். ஆனால் இது வெறும் நினைவு இல்லை, இன்று காலை அவர் செய்கிற செயல். அந்த ஊரில் அவர் மறுபடி வாழத் தொடங்கிவிட்டார் என்பதற்கு அதுவே சாட்சி. கடைசி வரியில் முன்பிருந்த குழப்பமே இருக்கிறது, ஊர் மாறிவிட்டது என்ற குழப்பம். இப்போது அது எளிதாக விடை சொல்லக்கூடிய கேள்வியாகிவிட்டது. இங்கேயே வாழ்ந்தவருக்குத் தெரிந்ததை மதித்துக் கேட்பதாகவும் அமைகிறது.

படங்களிலும் இதே சிக்கல் வரும். ஆறு படங்களில் ஐந்து வெளிநாட்டுக் காட்சிகளாக இருந்தால், நிரந்தரமாகத் திரும்பியதாக எழுதியதைப் படங்களே மறுக்கும். இந்த ஊரில் கடந்த சில வாரங்களில் எடுத்த படம் ஒன்றையாவது முதலில் வையுங்கள். செயலியில் முகத்தைச் சரிபார்க்கும் வசதி இருந்தால் அதையும் முடித்துவிடுங்கள். வெளிநாட்டுக் கதை உள்ளவருக்கு அது மற்றவர்களைவிட அதிகம் தேவை.

மாற்றி எழுதிய பயோ வேலை செய்கிறதா என்பதைப் பொருத்தங்களின் எண்ணிக்கையை வைத்துப் பார்க்காதீர்கள். முதல் பத்து உரையாடல்களில் உங்களிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வியைக் குறித்து வையுங்கள். "எத்தனை நாள் இருப்பீர்கள்?" என்று பலர் கேட்டால், தங்குவதைப் பற்றிய வரி இன்னும் மங்கலாக இருக்கிறது. "அங்கே வேலை கிடைக்குமா? விசா எப்படி எடுத்தீர்கள்?" என்று கேட்டால், வெளிநாடு இன்னும் அதிக இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. நண்பருக்குப் புதிய பயோ போட்ட வாரத்தில் வந்த செய்திகளில் ஒன்று, "எந்தப் பாதி வழி மறந்துபோயிற்று?" என்று கேட்டது. அந்தச் செய்தியை அனுப்பியவரை அடுத்த ஞாயிற்றுக்கிழமையே நேரில் சந்தித்தார்.