வீட்டுக் காப்பீட்டுத் தொகை: சதுர அடிக் கணக்கில் எங்கே தவறுகிறோம்?

சென்னைப் புறநகரில் பத்துப் பன்னிரண்டு ஆண்டு பழைய, இரண்டு பெட்ரூம் பிளாட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பிரசுரத்தில் 1,200 சதுர அடி என்று போட்டிருக்கிறது. இன்று விற்றால் 90 லட்சம் போகும். இதற்கு எவ்வளவு ரூபாய்க்குக் காப்பீடு எடுப்பது? உரிமையாளர்களைக் கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்கள்தான் வரும்: ஒன்று 90 லட்சம், இல்லையென்றால் வங்கியில் வாங்கிய கடன் தொகை. இரண்டும் தவறு.

90 லட்சத்தில் பெரும்பகுதி நிலத்தின் விலை, அதாவது உங்கள் யூ.டி.எஸ். பங்கு. தீ பிடித்தாலும் வெள்ளம் வந்தாலும் நிலம் அங்கேயேதான் இருக்கும். கடன் தொகைக்கும் கட்டடத்துக்கும் சம்பந்தமே இல்லை. அது வங்கியைக் காப்பாற்றும் கணக்கு. இந்த வீட்டை இன்றைய கூலியிலும் இன்றைய சிமென்ட், கம்பி விலையிலும் மறுபடி கட்ட என்ன செலவாகும் என்பதுதான் காப்பீட்டுத் தொகை.

2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் விற்கும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசியில் இதற்கான சூத்திரம் நேரடியாகவே உள்ளது. கார்பெட் ஏரியாவைச் சதுர மீட்டரில் எழுதி, பாலிசி தொடங்கும் நாளின் கட்டுமானச் செலவு விகிதத்தால் பெருக்க வேண்டும். விகிதத்தை நீங்கள் சொல்கிறீர்கள், கம்பெனி ஏற்றுக்கொள்கிறது, பாலிசி ஷெட்யூலில் அது பதிவாகிறது. பார்க்க எளிமையான கணக்குதான். ஆனால் அதிகம் பேர் சறுக்குவது இந்தப் பெருக்கலில்தான்.

காரணம், மேஸ்திரியோ கான்ட்ராக்டரோ சொல்லும் ரேட் கார்பெட் ஏரியாவுக்கான ரேட் அல்ல. “சதுர அடி 2,600” என்றால் வெளிச்சுவர், பால்கனி எல்லாம் சேர்ந்த பில்டப் ஏரியாவுக்குத்தான் அந்த ரேட். பாலிசி கேட்பதோ கார்பெட் ஏரியா. அதில் வெளிச்சுவரின் தடிமன் வராது. உள்சுவர்கள் வரும். பால்கனி, வராண்டா, பார்க்கிங் போன்றவற்றின் பரப்பில் 25 சதவீதம் மட்டும் சேரும்.

நம் பிளாட்டில் இதைப் போட்டுப் பார்க்கலாம். 1,200 சதுர அடி சூப்பர் பில்டப்பில் லிஃப்ட், படிக்கட்டு, நடைபாதைக்கான உங்கள் பங்கு 240 சதுர அடி. மீதி 960 பில்டப். அதற்குள் கார்பெட் 820, பால்கனி 60, வெளிச்சுவரும் ஷாஃப்டும் 80. உதாரணத்துக்கு ரேட் 2,600 என்று வைத்தால், 960 சதுர அடியை மறுபடி கட்ட 24,96,000 ரூபாய் வேண்டும்.

பாலிசியின் கணக்குப்படி பரப்பு 820, அதோடு பால்கனியில் கால் பங்கான 15, ஆக 835 சதுர அடி. இதை அப்படியே 2,600-ஆல் பெருக்கினால் 21,71,000 வருகிறது. 3,25,000 ரூபாய் சத்தமில்லாமல் காணாமல் போய்விட்டது. செய்ய வேண்டியது வேறு. முதலில் பில்டப் ஏரியாவையும் பில்டப் ரேட்டையும் வைத்து மொத்தச் செலவைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த 24,96,000-ஐ 835-ஆல் வகுத்தால் சதுர அடிக்குச் சுமார் 2,990 ரூபாய். சதுர மீட்டருக்கு மாற்ற 10.764-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 32,200. படிவத்தில் 77.57 சதுர மீட்டர் என்ற பரப்புக்குப் பக்கத்தில் எழுத வேண்டிய விகிதம் இதுதான்.

இதையே திருப்பிப் போட்டால் 90 லட்சக் கணக்கின் அபத்தமும் தெரியும். 90 லட்சத்தை 835-ஆல் வகுத்தால் சதுர அடிக்கு 10,778 ரூபாய். அந்த விலைக்கு நம் ஊரில் யாரும் சாதாரண பிளாட் கட்டுவதில்லை. சந்தை மதிப்புக்கே காப்பீடு வேண்டுமென்றால், ஒப்புக்கொண்ட மதிப்பின் அடிப்படையில் தரும் தனி பாலிசிகள் சில நிறுவனங்களிடம் உண்டு. பிளாட் முழுவதுமாக இடிந்தால் நீங்கள் ஒருவர் மட்டும் மறுபடி கட்ட முடியாது என்பதால் அதற்கு நியாயமும் இருக்கிறது. பிரீமியம் அதற்கேற்பக் கூடும், அவ்வளவுதான்.

அந்த 240 சதுர அடி பொதுப் பங்கை என்ன செய்வது? சங்கம் கட்டடத்துக்கு பாலிசி எடுத்திருந்தால் செயலாளரிடம் ஷெட்யூலை வாங்கிப் படியுங்கள். பொது இடங்கள் மட்டுமா, வீடுகளின் சுவரும் கூரையும் சேர்த்தா என்று பார்க்க வேண்டும். சேர்ந்திருந்தால் நீங்களும் தனியாக எடுப்பது ஒரே சுவருக்கு இரண்டு பிரீமியம். சங்கம் எடுக்கவே இல்லை என்றால், உங்கள் பாலிசி லிஃப்டையும் படிக்கட்டையும் தானாகக் காப்பாற்றும் என்று நினைத்துவிடாதீர்கள். கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள்.

ரேட்டை எங்கிருந்து எடுப்பது என்பதிலும் சிக்கல் உண்டு. பழைய கட்டுமான ஒப்பந்தத்தில் உள்ள தொகை, வாங்கிய வருடத்து விலை. வங்கி மதிப்பீட்டாளரின் அறிக்கையில் கட்டட மதிப்பு, வயதுக்கான தேய்மானம் கழித்த பிறகு நிற்கும் எண். இரண்டுமே மறுபடி கட்டப் போதாது. உங்கள் பகுதியில் இப்போது வேலை நடத்தும் இரண்டு கான்ட்ராக்டர்களிடம் கேட்பதே மேல். கேட்கும்போது ஜிஎஸ்டி சேர்த்துச் சொல்கிறாரா, தரைக்கு எந்த டைல்ஸ், கதவுக்கு எந்த மரம் என்றும் கேளுங்கள். பொருத்தப்பட்ட அலமாரி, மாடுலர் கிச்சன் போன்றவை அடிப்படை ரேட்டில் பெரும்பாலும் இருக்காது. அவற்றையும் சேர்த்தால்தான் தொகை முழுமையாகும்.

தனி வீட்டில் இது இன்னும் பெரிய ஓட்டை. நம் ஊர் கொட்டேஷன்களில் காம்பவுண்டு சுவர், கேட், சம்ப், செப்டிக் டேங்க் ஆகியவை “தனி” என்று கடைசியில் ஒரு வரி இருக்கும். பாலிசியில் இவையும் சோலார் பேனலும் கூடுதல் கட்டமைப்புகளாக வரும். ஆனால் அவற்றுக்கான தொகையை நீங்கள் தனியாகச் சொல்ல வேண்டும். 2,000 சதுர அடி வீட்டின் ரேட்டை மட்டும் பெருக்கிவிட்டு, வெள்ளத்தில் சரிந்த மதிலுக்கு கிளெய்ம் கேட்டால் வாக்குவாதம்தான் மிஞ்சும்.

குறைவாக எடுத்தால் என்ன ஆகும்? 40 லட்ச மதிப்புள்ள கட்டடத்தை 25 லட்சத்துக்கு எடுத்திருக்கிறீர்கள், சேதம் 8 லட்சம் என்று வைப்போம். ‘ஆவரேஜ்’ விதி உள்ள பாலிசியில் அதே விகிதத்தில் குறைத்து 5 லட்சம்தான் கிடைக்கும். கிருஹ ரக்ஷாவில் அந்த விதி இல்லை, 8 லட்சமும் கிடைக்க வழியுண்டு. இதைக் கேட்டுவிட்டு “அப்படியானால் குறைத்தே போடலாமே” என்பார்கள். வீடு முழுதாகப் போனால் 25 லட்சத்துக்கு மேல் ஒரு ரூபாய்கூட வராது. பரப்பைக் குறைத்துச் சொல்வது இன்னும் மோசம், ஏனென்றால் சேதக் கணக்கும் நீங்கள் அறிவித்த பரப்பைப் பார்த்துத்தான் போடப்படும்.

இடிபாடுகளை அகற்றுவதற்கு கிளெய்ம் தொகையில் 2 சதவீதம் வரையும், ஆர்க்கிடெக்ட், பொறியாளர் கட்டணத்துக்கு 5 சதவீதம் வரையும் பாலிசியே தருவதால், அவற்றுக்காகத் தொகையை உயர்த்த வேண்டியதில்லை. விலையேற்றத்துக்கு, கட்டடத் தொகை ஆண்டுக்கு 10 சதவீதம் என்ற கணக்கில் கூடுதல் பிரீமியம் இல்லாமல் தானாக ஏறும். பல ஆண்டு பாலிசியிலும் ஒவ்வோர் ஆண்டு நிறைவிலும் அப்படியே ஏறி, தொடக்கத் தொகையைப் போல இரு மடங்கில் நின்றுவிடும். ஆண்டுதோறும் புதுப்பிப்பவர்கள் புது ஷெட்யூலில் எந்தத் தொகையிலிருந்து கணக்கு தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். போன வருடத்து ஆரம்ப எண்ணே மறுபடி அச்சாகியிருந்தால், பணம் கட்டும் முன் ரேட்டைத் திருத்தச் சொல்லுங்கள்.