வெள்ளை கேன்வாஸ் ஷூ துவைத்த பிறகு ஏன் மஞ்சளாகிறது?

சனிக்கிழமை காலை மகளின் பள்ளி ஷூவைத் துவைத்து மொட்டை மாடியில் காயவைத்தேன். ஈரத்தில் பளிச்சென்று இருந்தது. மாலையில் எடுத்துப் பார்த்தால், முன்பக்கத்திலும் தையல் ஓரங்களிலும் தேநீர் சிந்தியதுபோல் மஞ்சள் படலம். அழுக்கு போகவில்லை என்று நினைத்து, மறுநாள் இன்னும் அதிகமாகச் சோப்புத்தூள் போட்டேன். மஞ்சள் கூடியதுதான் மிச்சம்.

குற்றவாளியே சோப்புதான். கேன்வாஸ் கெட்டியான பருத்தித் துணி. உள்ளே இன்னொரு அடுக்குத் துணியும் இருக்கும். இரண்டு முறை அலசினால் சட்டைக்குப் போதும், ஷூவுக்குப் போதாது. காயும்போது உள்ளே தங்கிய நீர் வெளிப்பரப்புக்கு வந்து ஆவியாகிறது; கூடவே வந்த சோப்பும் அழுக்கும் அங்கேயே படிந்துவிடுகின்றன. கடைசியாகக் காயும் தையல் ஓரத்தில் கறை அதிகமாக இருப்பது அதனால்தான்.

அந்த ஷூவைச் சோப்பே இல்லாமல் மறுபடி அலசினேன். பிழிந்த நீரில் நுரை வராமல் போக ஐந்து அலசல் ஆயிற்று. பிறகு அரை வாளி நீரில் இரண்டு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் கலந்து பத்து நிமிடம் ஊறவைத்து, மீண்டும் அலசினேன். சோப்பின் காரத்தை வினிகர் முறிக்கும். வெள்ளை டிஷ்யூ காகிதத்தை ஷூ முழுக்க ஒட்டினாற்போல் சுற்றி நிழலில் வைத்தேன். மறுநாள் மஞ்சள் காகிதத்தில் இருந்தது, துணியில் இல்லை. செய்தித்தாளைச் சுற்றினால் மையும் சேர்ந்து ஒட்டும்.

அடுத்த தவறு பிளீச்சிங் பவுடர். ஆழ்துளைக் கிணற்று நீரில் இரும்பு கரைந்திருந்தால், பிளீச் அதைத் துருவாக மாற்றித் துணியிலேயே படியவைக்கும். வாளியின் உட்புறம் செம்பழுப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த நீரில் பிளீச் வேண்டாம். பிளீச்சையும் வினிகரையும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. நச்சான குளோரின் வாயு கிளம்பும்.

சேறு பட்டவுடன் குழாயடிக்கு ஓடுவது நம் பழக்கம். ஈரச் சேற்றைத் தேய்த்தால் களிமண் இழைகளுக்குள் இறங்கிவிடும். ஒரு நாள் காயவிட்டு, இரண்டு ஷூக்களையும் தட்டி, உலர்ந்த பிரஷ்ஷால் உதிர்த்த பிறகே நனைக்க வேண்டும். செம்மண்ணின் நிறமே இரும்பு ஆக்சைடு என்பதால் அதற்கும் பிளீச் உதவாது.

ரப்பர் ஓரத்தில் உரசிய கறுப்புக் கோடுகளுக்குப் பென்சில் அழிப்பான் போதும். போகாதவற்றுக்கு வெள்ளைப் பற்பசையும் பழைய பல்துலக்கியும். தின்னர் தொட்டால் ரப்பரையும் துணியையும் இணைக்கும் பசை இளகும். உப்புத்தாளால் தேய்த்தால் அன்று வெளுக்கும். பரப்பு சொரசொரப்பாகி அடுத்த வாரமே இருமடங்கு அழுக்குப் பிடிக்கும். ரப்பரே பழையதாகி மஞ்சளாகியிருந்தால் அது அழுக்கல்ல, காற்றும் வெயிலும் செய்த வேலை. அதைத் தேய்த்துப் போக்க முடியாது.