கூட்டு வெள்ளாமையில லாபம் பிரிக்கும்போது செய்யக்கூடாத தப்புங்க

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் ஓணத்த நம்பி நேந்திரன் போடுற புது பசங்கள பாத்துட்டுதான் இருக்கேன், ஒருத்தர் காசு போடுவார், ஒருத்தர் தோட்டத்த குடுப்பார், இன்னொருத்தர் பாடுபடுவார், தார் வெட்டி காசு கைக்கு வந்த அன்னிக்கு மூணு பேரும் மூஞ்சிய திருப்பிக்குவாங்க. பில்ல பத்திரமா வைங்க, கணக்கு எழுதுங்கன்னு நான் சொல்லித்தான் தெரியணும்னு இல்ல. அத விட்டுடறேன்.

செலவு போக மிச்சத்த மூணா பிரிக்கிறது

எனக்கு இன்னும் எரிச்சல் வர்றது இதுக்குத்தான். பாக்க நியாயமாத்தான் தெரியும், அதான் ஆபத்தே.

ஒரு கணக்கு போட்டு பாக்கலாம். ரெண்டு ஏக்கர், 2000 கன்னு. கன்னு, உரம், முட்டு, வெளியாள் கூலி எல்லாம் சேத்து 3 லட்சம், அது முழுக்க காசு போட்டவரோடது. காத்துல சாஞ்சது போக 1800 தார், தாருக்கு 10 கிலோ, கிலோ 35 ரூபான்னா 6,30,000. போட்ட 3 லட்சத்த எடுத்துட்டா மிச்சம் 3,30,000. ஆளுக்கு 1,10,000, எல்லாருக்கும் சமம், சந்தோஷம்.

இந்த மாதிரி பிரிச்ச ஒரு வீட்டுல, பாடுபட்டவரோட சம்சாரம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க: "ஏனுங்கண்ணா, இவரு 600 ரூபா கூலிக்கு 200 நாள் வேற தோட்டத்துக்கு போயிருந்தா 1,20,000 வந்திருக்குமே, பங்காளியா இருந்து 10,000 கம்மியா வாங்கறதுக்கா இத்தன பாடு?" யாருக்கும் பதில் இல்ல. இவரு ராத்திரி காவலுக்கு படுத்ததெல்லாம் அந்த 200 நாள்ல சேரவே இல்ல.

தப்பு எங்கன்னா, அந்த 3,30,000 லாபமே இல்ல. அதுக்குள்ள அவர் கூலி இருக்கு, தோட்டத்துக்கு பாட்டக்காசு இருக்கு, காசுக்கு வட்டி இருக்கு. மொதல்ல அத வெளிய எடுக்கணும். ஊர் ரேட்டு ஏக்கருக்கு 40,000னு வச்சுக்கோங்க, பாட்டம் 80,000. கூலி 1,20,000. ஒரு ரூபா வட்டிக்கு 3 லட்சத்துக்கு பத்து மாசம் 30,000. மொத்தம் 2,30,000 போக மிச்சம் நிக்கிற 1 லட்சம்தான் நெஜ லாபம்.

அத எப்படி பிரிக்கிறது? அவங்கவங்க எவ்வளவ பணயம் வச்சாங்களோ அந்த விகிதத்துல. காசு 3,00,000, நிலம் 80,000, உழைப்பு 1,20,000, ஆக 5 லட்சம். லாபத்துல 60,000, 16,000, 24,000. எல்லாம் சேத்து பாத்தா காசு போட்டவருக்கு போட்டது போக 90,000, தோட்டக்காரருக்கு 96,000, பாடுபட்டவருக்கு 1,44,000. கூட்டிப் பாருங்க, அதே 3,30,000தான்.

ஓணம் முடிஞ்சு வெட்டி வெல கிலோ 25க்கு விழுந்தா? வரவு 4,50,000, செலவு போக 1,50,000, குடுக்க வேண்டியதோ 2,30,000. பத்தாத 80,000ஐயும் அதே விகிதத்துலதான் பிரிக்கணும், காசுக்காரர் 48,000, நிலம் 12,800, உழைப்பு 19,200 விட்டுக்குடுக்கணும். லாபத்துக்கு ஒரு விகிதம், நஷ்டத்துக்கு ஒரு விகிதம்னு வச்சா அது கூட்டே இல்ல.

இதுல ஒரு சிக்கல் இருக்கு, பாடுபடுறவர் பத்து மாசம் சும்மா சாப்பிடாம இருக்க முடியாது. பாதி கூலி 60,000ஐ வாராவாரம் கையில வாங்கிட்டாருன்னா அவர் பணயம் 60,000 ஆகும், அத குடுத்த காசுக்காரரோடது 3,60,000 ஆகும், வட்டியும் அதுக்கேத்த மாதிரி கொஞ்சம் ஏறும். விகிதத்த திருத்தாம விட்டா அங்கதான் அடுத்த சண்ட.

நிலத்த விக்கிற வெலைக்கு கணக்கு போடுறது

"என் ரெண்டு ஏக்கர் என்ன வெல போகும் தெரியுமா"ம்பாங்க. வெள்ளாம முடிஞ்சதும் நிலம் உங்ககிட்டயேதான இருக்கப்போகுது. ஒரு வருஷ பாட்டம் மட்டும்தான் உங்க பங்கு.

பேப்பரே போடாம விடுறது

கேரளா பக்கம் 1963 நிலச்சீர்திருத்த சட்டத்துல புதுசா குத்தகை விடுறதுக்கே தடை இருக்கு, அதனால தோட்டக்காரர் எதுலயும் கையெழுத்து போட பயப்படுவார், அது வாஸ்தவம்தான். ஆனா கூலி நாள், செலவு, விகிதம் இது மூணையும் ஒரு நோட்டுல எழுதி வாரம் ஒருக்கா மூணு பேரும் கையெழுத்து போடுறதுக்கு என்ன பயம்?

பக்கக்கன்ன மறக்குறது

தார் வெட்டினப்புறம் தோண்டி விக்கிற கன்னும் வரவுதான். சொட்டுநீர் பைப்பும் அப்படித்தான், கூட்டுக் காசுல வாங்கினதுன்னா பழைய வெலைக்கு மதிப்பு போட்டு யாரு எடுத்துக்கறாங்களோ அவங்க பங்குல கழிச்சுக்கோங்க.

நஷ்டத்த அடுத்த வெள்ளாமைல பாத்துக்கலாம்னு விடுறது

விடாதீங்க.