தைப்பூசத் தண்ணீர்ப்பந்தல்: தொண்டூழியர் அழைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தைப்பூசத்திற்குச் சில வாரங்கள் இருக்கும்போதே பினாங்கில் தண்ணீர்ப்பந்தல் போடும் குழுக்கள் தொண்டூழியர்களை அழைக்கத் தொடங்கிவிடுகின்றன. அந்த அழைப்புகளை இப்போது பெரும்பாலும் புதிதாகப் பொறுப்பேற்ற இளையோரே எழுதுகிறார்கள். புலனத்தில் வெளியிடுவதற்கு முன் ஒரு முறை பார்த்துத் தரும்படி எனக்கு அனுப்புவோரும் உண்டு. எழுத்துப் பிழையையும் விடுபட்ட முகவரியையும் அவர்களே கண்டு திருத்திவிடுவார்கள் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். எங்கள் தலைமுறைக் குழுக்கள் எந்த இடங்களில் தடுமாறினவோ அதே இடங்களில் இவர்களும் தடுமாறுவதைக் காண்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நள்ளிரவைத் தாண்டும் நேரத்திற்கு ஒரே தேதி போடுதல்

எல்லாத் தவறுகளிலும் இழப்பு மிகுந்தது இதுதான். எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் அடுத்த ஆண்டு அழைப்பில் மீண்டும் வந்து நிற்பதும் இதுவே. அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பினாங்குத் தைப்பூசம் ஒரே பகலில் முடிந்துவிடும் விழா அன்று. பூசத்திற்கு முதல் நாள் செட்டிப்பூசம். அன்று அதிகாலையில் பினாங்குத் தெருவிலுள்ள கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்பட்டு, வழிநெடுகத் தேங்காய் உடைபட, தண்ணீர்மலை அடிவாரத்திலுள்ள நாட்டுக்கோட்டைச் செட்டியார் ஆலயத்தை நோக்கி நகர்கிறது. 2017ஆம் ஆண்டு முதல் வேலைத் தாங்கிய தங்க ரதமும் வருகிறது. அன்று இரவு கூட்டம் பெருகத் தொடங்குகிறது. நள்ளிரவைத் தாண்டியதும் பால்குடமும் காவடியும் ஏந்திய பக்தர்கள் அலை அலையாக மலையை நோக்கி நடக்கிறார்கள். பந்தலுக்கு அதிகமான கைகள் தேவைப்படுவது இந்த இரவில்தான். அந்த இரவின் பாதி ஒரு தேதியிலும் மறுபாதி அடுத்த தேதியிலும் விழுவதுதான் சிக்கலுக்கு வேர்.

2026ஆம் ஆண்டு நாட்காட்டியை எடுத்துக்கொள்வோம். தைப்பூசம் பிப்ரவரி 1, ஞாயிற்றுக்கிழமை. செட்டிப்பூசம் ஜனவரி 31, சனிக்கிழமை. அழைப்பை எழுதுபவர், “பிப்ரவரி 1, இரவு மணி 12.00 முதல் காலை மணி 6.00 வரை பரிமாறும் பணி” என்று எழுதுகிறார். சனிக்கிழமை முடிந்து ஞாயிறு பிறக்கும் நொடியை அவர் கருதுகிறார். அரசாங்க நாட்காட்டிப்படி அது சரிதான். ஆனால் படிப்பவர் முதலில் ஞாயிற்றுக்கிழமை என்று மனத்தில் கொள்கிறார். பிறகு இரவு என்று படித்ததும் ஞாயிற்றுக்கிழமை இரவு உணவுக்குப் பின் வந்தால் போதும் என்று முடிவு செய்துவிடுகிறார்.

இதைப் படிப்பவரின் கவனக்குறைவு என்று தள்ளிவிட முடியாது. நம் பெரியவர்களுக்கு நாள் என்பது சூரிய உதயத்தில் தொடங்குவது. பின்னிரவு இரண்டு மணி அவர்களுக்கு இன்னும் சனிக்கிழமைதான். மலாய் வழக்கிலோ ‘மாலாம் அஹாட்’ என்றால் ஞாயிற்றுக்கு முந்திய இரவு. இந்நாட்டில் வளர்ந்த நம் பிள்ளைகள் இந்த மூன்று கணக்குகளையும் கலந்தே புழங்குகிறார்கள். ஒரே வரியை ஒரே வீட்டில் தாத்தா ஒரு விதமாகவும் பேத்தி வேறு விதமாகவும் புரிந்துகொள்வதில் வியப்பில்லை.

டத்தோ கெராமாட் சாலையோரம் பந்தல் போட்ட ஒரு குழுவில் நேர்ந்ததை அருகிலிருந்து பார்த்தேன். நள்ளிரவு முறைக்குப் பெயர் கொடுத்தவர்களில் பாதிப்பேருக்கு மேல் வரவில்லை. மாலையிலிருந்து நின்றவர்களால் கிளம்பவும் முடியவில்லை. மோர் கலக்கிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கரண்டியைச் சுழற்றிக்கொண்டிருந்தார். இனிமேல் நின்றால் விழுந்துவிடுவேன் என்று அவரே சொன்னார். அதிகாலை மூன்று மணியளவில் காவடிக் கூட்டம் நெருங்கியபோது பரிமாறும் மேசையில் இருவர் மட்டுமே இருந்தனர். சமைத்த மீ ஹூன் அண்டாவில் இருக்கிறது, எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை. மறுநாள் இரவு, கூட்டம் குறைந்திருந்த வேளையில், வராதவர்கள் அனைவரும் துண்டும் தொப்பியுமாக உற்சாகத்தோடு வந்து நின்றார்கள். அவர்கள் முகம் வாடியதைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட வருத்தம், அந்த அழைப்பை எழுதியவர் “தேதி சரியாகத்தானே போட்டிருந்தோம்” என்று வாதிட்டபோது கோபமாக மாறியது. தேதி சரியாக இருந்தது உண்மைதான். தொண்டு செய்ய விரும்பி வந்தவர்களை அது தவறான இரவில் கொண்டுவந்து நிறுத்தியதும் உண்மைதான்.

எனவே, நள்ளிரவைத் தொடும் எந்த முறைக்கும் தொடக்கத்துக்கு ஒரு கிழமையும் முடிவுக்கு ஒரு கிழமையும் எழுத வேண்டும். “மணி 12.00” என்பதை அழைப்பில் எங்குமே பயன்படுத்த வேண்டாம்; முறை மாறும் நேரத்தை அதிலிருந்து தள்ளி வைத்துவிட்டாலே பாதிக் குழப்பம் தீரும். மீதியை உணவு, உறக்கம் போன்ற அன்றாட வழக்கத்தோடு இணைத்த ஒரே ஒரு குறிப்பு தீர்த்துவிடும். நான் பரிந்துரைக்கும் வடிவம் இது:

“முதல் முறை: சனிக்கிழமை (ஜனவரி 31) இரவு மணி 9.30 முதல், ஞாயிற்றுக்கிழமை (பிப்ரவரி 1) அதிகாலை மணி 2.30 வரை. சனிக்கிழமை இரவு உணவை முடித்துக்கொண்டு நேராகப் பந்தலுக்கு வரலாம்.

இரண்டாம் முறை: ஞாயிற்றுக்கிழமை (பிப்ரவரி 1) அதிகாலை மணி 2.00 முதல் காலை மணி 7.00 வரை. சனிக்கிழமை இரவு சற்று முன்னதாக உறங்கி எழுந்து புறப்பட வேண்டிய முறை இது. காலைப் பசியாறல் பந்தலில் வழங்கப்படும்.”

இரு முறைகளும் அரை மணி நேரம் ஒன்றன்மேல் ஒன்று படிவதைக் கவனியுங்கள். சிராப்பு எங்கே இருக்கிறது, எந்த அடுப்பு சரியாக எரியவில்லை, பனிக்கட்டி எப்போது வரும் என்பதையெல்லாம் முன்னவர் பின்னவரிடம் சொல்லிவிட்டுப் போக அந்த அரை மணி நேரம் வேண்டும். பின்னவர் சற்றுத் தாமதித்தாலும் மேசை காலியாகாது.

வெளியிடுவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். குழுவில் இல்லாத மூவரிடம் அழைப்பைக் காட்டி, “எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புவீர்கள்?” என்று மட்டும் கேளுங்கள். “புரிகிறதா?” என்று கேட்டால் எல்லாரும் ஆம் என்றுதான் சொல்வார்கள். மூவரில் ஒருவர் மாற்றிச் சொன்னாலும் வரியைத் திருத்தி எழுதுங்கள். வெளியிட்ட பின் புலனக் குழுவில் “இன்று இரவா, நாளை இரவா?” என்று ஒருவர் கேட்டால், அவருக்கு மட்டும் விடை சொல்லி நிறுத்திவிடாதீர்கள். கேட்காமலே தவறாகப் புரிந்துகொண்ட பலர் அதே குழுவில் இருப்பார்கள். அழைப்பையே திருத்தி மீண்டும் அனுப்ப வேண்டும்.

பணி தொடங்கும் நேரத்தையே வரவேண்டிய நேரமாக எழுதுதல்

ரதம் செல்லும் சாலைகளிலும் தண்ணீர்மலையைச் சுற்றியும் போக்குவரத்து மூடப்படும். மணி 9.30க்குப் பணி என்று படித்தவர் 9.30க்கு வாகனத்தோடு தடுப்புக்கு அருகில் நிற்பார். அங்கிருந்து அவர் கூட்டத்தினூடே நடந்து வர வேண்டும். வாகனத்தை எங்கே நிறுத்தலாம், அங்கிருந்து நடக்க எவ்வளவு நேரம் ஆகும், பந்தலில் யாரிடம் பெயர் கொடுக்க வேண்டும் என்ற மூன்றையும் நேரத்தோடு சேர்த்தே எழுதுங்கள். பட்டர்வொர்த்திலிருந்து வருவோரிடம் இரண்டாம் முறையைக் கேட்கும்போது ஒன்றை நினைவில் கொள்ளுங்கள்: வழக்கமான நாட்களில் பின்னிரவில் பெர்ரி ஓடுவதில்லை. அவர்களுக்குப் பகல் முறையைத் தருவது நல்லது, அல்லது பாலம் வழியாக வரும் வாகனத்தில் இடம் ஏற்பாடு செய்யுங்கள்.

“பந்தல் உதவி” என்று ஒரே சொல்லில் பணியைக் குறித்தல்

உதவி என்று எழுதினால் வருபவர் எதற்கும் தயாராக வருவார் என்று நினைக்கிறோம். தண்ணீர் நிறைந்த 20 லிட்டர் கலன் ஒன்று 20 கிலோ எடை இருக்கும். முட்டி வலியுள்ள பெரியவர் ஒருவர் கூச்சத்தால் மறுக்காமல் அதைத் தூக்க முயல்வதை நான் பார்த்திருக்கிறேன். தூக்கும் பணி, நின்றுகொண்டு செய்யும் பணி, அமர்ந்து செய்யும் பணி என்று பிரித்து எழுதினால் அவரவர் உடலுக்கேற்பத் தாமே தேர்ந்துகொள்வார்கள். காய் நறுக்குவது, கச்சான் பொட்டலம் கட்டுவது, பெயர் பதிவது ஆகிய மூன்றும் அமர்ந்து செய்யக்கூடியவை. அவற்றை முதலில் எழுதுங்கள்; தம்மால் இயலாது என்று ஒதுங்கியிருந்த மூத்தோர் பலர் அந்த வரிகளைப் பார்த்தே பெயர் கொடுக்கிறார்கள்.

கடைசி வாரத்தில் அழைத்தல்

சமையலிலும் பரிமாறுவதிலும் நிற்பவர்கள் டைபாய்டு தடுப்பூசி போட்டிருப்பது நல்லது. அது பயன் தர ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். கிளினிக் செல்லும் நேரத்தையும் சேர்த்தால், அழைப்பு ஆறு வாரம் முன்னதாகவே போக வேண்டும்.

ஒரே தொடர்பு எண்

இரண்டு எண்கள் கொடுங்கள். ஒருவர் ரதத்தின் முன் நிற்கும்போது மற்றவர் அழைப்பை எடுக்கட்டும்.

கட்டளையாக எழுதுதல்

“தவறாமல் வரவும். தாமதம் அனுமதிக்கப்படாது. வராதவர்களின் பெயர் நீக்கப்படும்.” பெயர் கொடுப்பதற்கு முன்பே ஒருவரைக் குற்றவாளியாக்கும் வரிகள் இவை. விடுப்பு எடுத்து, உறக்கம் விட்டு, முருகனுக்காக வருபவரிடம் இப்படிப் பேசலாகாது. ஒழுங்கு தேவைதான், அதற்குக் காரணத்தைச் சொன்னால் போதும். “வர இயலாமற்போனால் முந்திய நாள் மாலைக்குள் தெரிவித்தால், அந்த இடத்திற்கு வேறொருவரை அழைக்க எங்களுக்கு உதவியாக இருக்கும்” என்று எழுதிய குழுக்களுக்குத்தான் வர இயலாதவர்களிடமிருந்து முன்கூட்டியே செய்தி வருகிறது. தொடக்கத்தில் “அன்புடையீர்” என்று விளித்துவிட்டு, கீழே “வா, போ” என்ற தொனியில் பணிகளை அடுக்குவதும் பொருந்தாது. கடைசிப் பணி வரை “செய்து உதவுமாறு வேண்டுகிறோம்” என்ற நடையே நிற்கட்டும்.

பூசத்தோடு அழைப்பை முடித்துவிடுதல்

2026 நாட்காட்டிப்படி வெள்ளி ரதம் கோவில் வீட்டிற்குத் திரும்பப் புறப்படுவது பிப்ரவரி 2, திங்கட்கிழமை இரவு. பெரும்பாலான அழைப்புகள் ஞாயிற்றுக்கிழமையோடு நின்றுவிடுகின்றன. அண்டா கழுவவும், கூடாரம் பிரிக்கவும், குப்பை மூட்டைகளைக் கட்டவும் குழுவினர் நால்வர் மட்டுமே எஞ்சுகிறார்கள். அந்தப் பணிக்கும் தனி வரி வேண்டும்: “திங்கட்கிழமை (பிப்ரவரி 2) மாலை மணி 5.00 முதல் இரவு மணி 8.00 வரை, பாத்திரம் கழுவுதலும் பந்தல் பிரித்தலும். பத்துப் பேர் தேவை. தூக்கும் பணி உண்டு, கையுறை தரப்படும். பணி முடிந்ததும் திரும்பும் ரதத்தைத் தரிசிக்கச் செல்ல விரும்புவோர் குழுவோடு இணைந்து செல்லலாம்.” கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். பூசத்தன்று அடுப்படியிலேயே நின்று ரதத்தைப் பார்க்க முடியாமற்போன பலர் அதற்காகவே இந்த முறைக்குப் பெயர் கொடுக்கிறார்கள்.