கை பருத்தும் எடை ஏறவில்லையா? டேப்பும் பார்பெல்லும் கொண்டு சோதிக்கும் முறை

"அண்ணே, கை பெருத்திருக்கு, ஆனா வெயிட்டு ஏறலையே" என்பது காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து ஜிம்களில் புதிதாகச் சேரும் தம்பிகள் சில மாதங்களில் கேட்கும் கேள்வி. பலம் கூடாமல் தசை பருக்க முடியுமா என்றால், ஓரளவுக்கு, சில காலத்துக்கு முடியும். அது ஏன் என்பதை முதலில் பார்த்துவிட்டு, உங்கள் கையில் நடப்பது என்ன என்று சோதிக்கும் படிகளுக்குச் செல்வோம்.

ஒவ்வொரு தசை இழைக்குள்ளும் சுருங்கி விசை தரும் மெல்லிய இழைகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஆக்டின், மயோசின் என்னும் புரதங்களால் ஆன இவையே மையோஃபைப்ரில்கள். இழையின் கொள்ளளவில் ஏறத்தாழ 80 சதவீதம் இவைதாம். இவற்றைச் சுற்றியுள்ள நீர், கிளைகோஜன், நொதிகள் முதலியவை சார்கோபிளாசம். முதலாவது பெருகினால் மையோஃபைப்ரிலர் வளர்ச்சி. இரண்டாவது அதைவிட வேகமாகப் பெருகினால் சார்கோபிளாஸ்மிக் வளர்ச்சி; இதில் தசை பருக்கும் அளவுக்கு விசை கூடாது. அமெரிக்காவின் ஆபர்ன் பல்கலைக்கழகக் குழு 2019இல் வெளியிட்ட ஆய்வில், செட்களை மிக அதிகமாக்கிய ஆறு வாரப் பயிற்சிக்குப் பின், பருத்த இழைகளில் ஆக்டின், மயோசின் செறிவு குறைந்திருந்தது. ஆகவே இது வெறும் ஜிம் பேச்சு அன்று. ஆனால் இழையின் பெரும்பகுதி மையோஃபைப்ரில்களே என்பதால், சார்கோபிளாசத்தை மட்டும் நம்பி ஒரு தசை ஆண்டுக்கணக்கில் பருத்துக்கொண்டே போகும் என்று நான் நம்பவில்லை.

படி 1: சுற்றளவை அளத்தல். தோள் எலும்பின் முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுவே பேனாவால் ஒரு புள்ளி வைத்து, கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, தோல் அமுங்காதபடி டேப்பைச் சுற்றுங்கள். காலையில், சாப்பிடுவதற்கு முன், அந்தக் கைக்குப் பயிற்சி முடிந்து மூன்று நாளாவது ஆன பிறகே அளக்க வேண்டும். புதியவர்களுக்கு முதல் சில வாரங்களில் தெரியும் பருமனில் பெரும்பங்கு பயிற்சியால் வரும் வீக்கமே. சாப்பாடும் அளவை மாற்றும். ஒரு கிராம் கிளைகோஜன் ஏறத்தாழ மூன்று கிராம் நீரைத் தன்னுடன் பிடித்துவைக்கும் என்பதால், கல்யாண வீட்டில் இரண்டு நாள் பந்தியில் உட்கார்ந்து வந்தவரின் அளவை அந்த வாரக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

படி 2: பலத்தை அளத்தல். முதுகைச் சுவரில் சாய்த்து பார்பெல் கர்ல் செய்து, பத்துக்கு மிகாத ரெப்களில் கை ஓயும் எடையைக் கண்டுபிடியுங்கள். ஒரே ஒரு முறை தூக்கக்கூடிய உச்ச எடையை இப்படி மதிப்பிடலாம்:

```
உச்ச எடை = எடை × (1 + ரெப் ÷ 30)
```

படி 3: இரண்டையும் ஒப்பிடுதல். கணக்குக்காக ஒரு தம்பியை எடுத்துக்கொள்வோம். அவர் கை 31.3 செ.மீ.; 22.5 கிலோவை 10 முறை தூக்குகிறார், அதாவது உச்சம் 30 கிலோ. ஆறு வாரம் 12 கிலோவை மட்டும் வைத்து, கை ஓயும்வரை நிறைய செட் போடுகிறார். கை 32.1 செ.மீ. ஆகிறது. கையின் குறுக்குவெட்டுப் பரப்பு சுற்றளவின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் இது சுமார் 5 சதவீத வளர்ச்சி. ஆனால் 22.5 கிலோவில் அதே 10 ரெப்தான். சார்கோபிளாசம் என்று இங்கேயே முடிவுகட்டிவிடக் கூடாது. கனமான எடையைத் தூக்குவது நரம்புகளும் பழக வேண்டிய ஒரு திறமை. இந்தத் தம்பி அதைத் தொடவே இல்லை. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 2012இல் வெளியிட்ட ஆய்விலும், உச்சத்தில் 30 சதவீத எடையை ஓயும்வரை தூக்கியவர்களுக்கும் 80 சதவீதத்தில் தூக்கியவர்களுக்கும் தொடைத் தசை ஏறத்தாழ ஒரே அளவு பருத்தது. உச்ச எடை மட்டும் கனமாகத் தூக்கியவர்களுக்கே அதிகம் ஏறியது.

படி 4: பிரித்தறிதல். ஒரு வாரம் கைக்கு முழு ஓய்வு கொடுத்து மறுபடி அளக்க வேண்டும். 32.1 என்பது 31.4க்கு இறங்கினால், கூடியதில் பெரும்பகுதி நீரும் வீக்கமும்தான். 31.9இல் நின்றால், அடுத்த மூன்று வாரம் வாரம் இருமுறை, 4 முதல் 6 ரெப்களில் ஓயும் எடையில் மூன்று செட் மட்டும் போடச் சொல்லுங்கள். கை அப்படியே இருக்க, 25 கிலோ 8 முறை ஏறினால் உச்சம் 31.7 கிலோ, குறைந்திருந்தது பழக்கம்தான் என்று கொள்ள இடமுண்டு. எடை அசையவே இல்லையென்றால் சார்கோபிளாசத்தின் மீது சந்தேகம் வலுக்கிறது, அதற்கு மேல் இல்லை. டேப் கொழுப்பையும் சேர்த்தே அளக்கிறது. வளராத தசைகூடப் பழக்கத்தால் அதிக எடை தூக்கும். இழைக்குள் எது பெருகியது என்பதை உறுதியாகச் சொல்ல, ஊசியால் தசைத் துணுக்கை எடுத்து ஆய்வகத்தில் பார்க்க வேண்டும்.

செட்களைத் திடீரென்று கூட்டிய பின் கை கல்லாக இறுகி, மடக்க முடியாமல் வலித்து, சிறுநீர் கருங்காப்பி நிறத்தில் போனால் அது வளர்ச்சி அன்று. தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலை. டேப்பை வைத்துவிட்டு அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.