A என்று கண்டவுடன் கையெழுத்து வைக்காதீர்கள்: முறித் தரப்படுத்தலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் நிலையான வைப்பு முதிர்ந்து கையில் காசு வரும்போது, கூடுதல் வட்டிக்காக டிபெஞ்சர் எனும் நிறுவன முறிகளின் பக்கம் போகிறவர்கள் உண்டு. விளம்பரத்தில் கடனைத் திருப்பிக் கட்டும் பலத்துக்கான தரம் A-(lka) என்றிருக்கும். ரொறன்ரோவில் இருக்கும் அண்ணரும் அங்கே A- முறிதான் வைத்திருக்கிறார், இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்துவிடுவார்கள். முதல் தவறே அதுதான்.

அடைப்புக்குறிக்குள் இருக்கும் lka, அது இலங்கைக்குள் மட்டும் ஒப்பிடும் அளவுகோல் என்பதற்கான அடையாளம். நாட்டிலேயே ஆகப் பலமான கடனாளிக்கு AAA(lka); மற்றவர்களை அவரோடு ஒப்பிட்டு இறக்கிக்கொண்டு போவார்கள். சர்வதேச அளவுகோலில் BBB- தரமும் அதற்கு மேலும் முதலீட்டுத் தரம், BB+ தரமும் அதற்குக் கீழும் ஆபத்துக் கூடிய உயர் வருவாய்க் கடன். 2005இல் ஃபிட்ச் என்ற தரப்படுத்தல் நிறுவனம் முதன்முதலாக இலங்கை அரசுக்குக் கொடுத்த தரமே BB- என்பதுதான். நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்டாமல் நிறுத்திய 2022இலும் இங்கே A, AA என்று (lka) தரம் பெற்ற வங்கிகள் இருந்தன. அதில் பொய் ஒன்றுமில்லை, அளவுகோல்தான் வேறு.

அடுத்தது, வங்கியின் தரத்தைப் பார்த்து டிபெஞ்சரை வாங்குவது. வங்கி A(lka) என்றால், அது வெளியிடும் பின்னிலை டிபெஞ்சர் பெரும்பாலும் இரண்டு படி கீழே, BBB+(lka) என்று நிற்கும். வங்கி கவிழ்ந்தால் வைப்பாளர்களும் சாதாரணக் கடன்காரர்களும் எடுத்த பிறகுதான் இந்த டிபெஞ்சர் வைத்திருப்பவர்களுக்குக் காசு. சிலவற்றில் வங்கி தாங்காது என்று மத்திய வங்கி முடிவெடுத்தால் உங்கள் கடன் பங்குகளாகவே மாறிவிடும். வைப்புக்கு 11 இலட்சம் ரூபா வரை உள்ள காப்புறுதி டிபெஞ்சருக்குக் கிடையாது. ஆகவே ப்ரொஸ்பெக்டஸில் வங்கியின் தரத்தோடு நின்றுவிடாமல், அந்த வெளியீட்டுக்கென்று கொடுத்த தரத்தைத் தேடிப் பாருங்கள்.

வட்டிக் கணக்கையும் சரியாகப் போட வேண்டும். உதாரணத்துக்கு, 10 இலட்சம் ரூபாவுக்கு BBB முறி 12 வீதமும் BB முறி 15 வீதமும் தருகின்றன என்று வைப்போம். வித்தியாசம் வரிக்கு முன் வருடம் 30,000 ரூபா. BB நிறுவனம் முறிந்து, போட்ட முதல் தொகையில் 40 வீதம்தான் திரும்பினால் நட்டம் 6 இலட்சம். 20 வருடக் கூடுதல் வட்டி அதிலேயே போய்விடும். பல நிறுவனங்களின் முறிகளைச் சேர்த்து வைத்திருக்கும் நிதியம் இந்த அடியைத் தாங்கும். ஓய்வூதியக் காசு முழுவதையும் ஒரே BB முறியில் போட்டவரால் முடியாது.

BBB- முறிக்கும் BB+ முறிக்கும் ஆபத்தில் பெரிய இடைவெளி இல்லை. ஆனால் உலகச் சந்தையில் முதலீட்டுத் தரத்தை மட்டும் வைத்திருக்க அனுமதியுள்ள நிதியங்கள், தரம் அந்தக் கோட்டைத் தாண்டி இறங்கியதும் விற்கத் தொடங்கும், விலையும் விழும். அதனால் தரத்தோடு கூட வரும், அது இனி எந்தப் பக்கம் போகலாம் என்று சொல்லும் கண்ணோட்டத்தையும் வாசியுங்கள். BBB- தரத்துக்குப் பக்கத்தில் ‘எதிர்மறை’ என்றிருந்தால், தரம் இறங்கும் முன்னரே விலை அசையத் தொடங்கியிருக்கலாம்.