“வருடத்துக்கு எத்தனை டயர் விற்கும்?” – கேஸ் இன்டர்வியூவில் மார்க்கெட் சைசிங் கேள்வியைப் படிப்படியாகக் கட்டுவது

கன்சல்டிங் வேலைக்கான கேஸ் இன்டர்வியூவில் திடீரென்று இப்படி ஒரு கேள்வி வரும்: “5 கோடி பேர் இருக்கும் ஒரு நாட்டில் வருடத்துக்கு எத்தனை கார் டயர் விற்கும்?” கேட்டதும் பலர் செய்வது, மக்கள்தொகையை எடுத்துக்கொண்டு உடனே பெருக்க ஆரம்பிப்பது. ஐந்து நிமிடம் கழித்து ஒரு எண் வரும், ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று எதிரில் இருப்பவருக்கும் தெரியாது, சொன்னவருக்கும் தெரியாது. இந்த ஒரு கேள்வியையே எடுத்துக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை போட்டுப் பார்ப்போம்.

படி 1: எதை எண்ணுகிறோம் என்று கேளுங்கள்

“கார் டயர்” என்றால் புதுக் காரோடு தொழிற்சாலையிலிருந்தே வருவதும் சேர்த்தியா, இல்லை தேய்ந்த பிறகு கடையில் வாங்கி மாற்றுவது மட்டுமா? எண்ணிக்கை வேண்டுமா, பணமா? லாரி, பஸ் உண்டா? இந்த மூன்றைக் கேட்டால் போதும். அவர் “கார் மட்டும், கடையில் மாற்றும் டயர் மட்டும், எண்ணிக்கை” என்று சொன்னதாக வைத்துக்கொள்வோம். இந்தப் பதிலை மறக்காதீர்கள், பின்னால் இதில்தான் ஒரு பொறி இருக்கிறது.

படி 2: எண்ணே இல்லாமல் சட்டகத்தைச் சொல்லுங்கள்

ஒரு நிமிடம் அவகாசம் கேட்டு, தாளில் இதை எழுதுங்கள்:

```
வருட விற்பனை = கார்கள் × 4 × (வருட ஓட்டம் ÷ டயர் தாங்கும் தூரம்)
```

கேள்வி வருடத்துக்கு எவ்வளவு விற்கும் என்பது. கார்களின் எண்ணிக்கையோ சாலையில் ஏற்கெனவே இருக்கும் கையிருப்பு. கையிருப்பிலிருந்து வருட விற்பனைக்குப் போக, ஒரு பொருள் எத்தனை நாள் தாங்கும் என்பதுதான் பாலம். அது இல்லாமல் “45 லட்சம் கார், காருக்கு 4 டயர், ஆக 1.8 கோடி” என்று முடிப்பவர்கள் நிறையப் பேர். அது சாலையில் ஓடிக்கொண்டிருக்கும் டயர்களின் எண்ணிக்கை, விற்பனை இல்லை.

அடுத்தது, எதை வைத்துப் பிரிப்பது? வயது, ஆண் பெண், நகரம் கிராமம் என்று மனப்பாடம் செய்து வைத்த பிரிவுகளைப் போடாதீர்கள். சூத்திரத்தில் எந்த உறுப்பு ஆளுக்கு ஆள் மாறுகிறதோ அதை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். இங்கே மாறுவது இரண்டு. கார் இருக்கிறதா என்பது குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. கார் எவ்வளவு ஓடுகிறது என்பது அது சொந்தக் காரா வாடகைக் காரா என்பதைப் பொறுத்தது. டயருக்கு ஓட்டுபவரின் வயது தெரியாது, கிலோமீட்டர் மட்டும்தான் தெரியும்.

இந்தச் சட்டகத்தை அவரிடம் சொல்லி, “இப்படிப் போகலாமா?” என்று கேட்டுவிட்டு எண்களுக்குப் போங்கள். தவறு இருந்தால் இங்கேயே திருத்துவார்.

படி 3: எண்களைப் போடுங்கள், காரணத்தோடு

கீழே உள்ளவை எல்லாம் என் அனுமானங்கள். நீங்களும் அப்படிச் சொல்லித்தான் போட வேண்டும்.

சொந்தக் கார்: குடும்பத்துக்கு 4 பேர் என்றால் 1.25 கோடி குடும்பங்கள். மேல்தட்டு 20%, அதாவது 25 லட்சம் குடும்பங்களில் சராசரியாக ஒரு கார் (சிலரிடம் இரண்டு இருக்கும், சிலரிடம் இருக்காது). நடுவில் 40%, 50 லட்சம் குடும்பங்களில் 30% பேரிடம், ஆக 15 லட்சம். கீழே உள்ள 50 லட்சத்தில் 4%, ஆக 2 லட்சம். மொத்தம் 42 லட்சம் கார்.

வாடகைக் கார்: பாதிப் பேர் நகரத்தில், நகரத்தில் 100 பேருக்கு ஒன்று என்றால் 2.5 லட்சம். மற்ற இடங்களுக்கும் கொஞ்சம் சேர்த்து 3 லட்சம்.

சொந்தக் கார் வருடத்துக்கு 10,000 கிலோமீட்டர் ஓடும், ஒரு டயர் 40,000 தாங்கும் என்று வைத்தால், 4 வருடத்துக்கு ஒருமுறை நாலும் மாறும், அதாவது காருக்கு வருடத்துக்கு ஒரு டயர். ஆக 42 லட்சம். வாடகைக் கார் 60,000 கிலோமீட்டர் ஓடினால் வருடத்துக்கு ஒன்றரை செட், 6 டயர். ஆக 18 லட்சம்.

இப்போது அந்தப் பொறி. இந்த 60 லட்சம் என்பது ஒரு வருடத்தில் தேய்ந்து தீரும் டயர். அதில் ஒரு பகுதி, கார் வாங்கும்போதே கூட வந்த முதல் செட். அது கடையில் விற்றதில்லை, கழிக்க வேண்டும். சொந்தக் கார் 16 வருடம் ஓடும் என்றால் அதன் ஆயுளில் 4 செட் தேவை, ஒன்று தொழிற்சாலையுடையது, கடைக்கு வருவது மூன்று. எனவே 42 லட்சத்தில் முக்கால் பங்கு, 31.5 லட்சம். வாடகைக் கார் 6 வருடம் ஓடினால் 9 செட், அதில் ஒன்று போக எட்டு. ஆக 16 லட்சம்.

மொத்தம் 47.5 லட்சம். “சுமார் 45 முதல் 50 லட்சம்” என்று சொல்லுங்கள். உள்ளே போட்டது எல்லாம் முழு எண் ஊகங்களாக இருக்கும்போது விடையில் மட்டும் தசமம் இருப்பது பொருந்தாது.

படி 4: வேறு பக்கத்திலிருந்து சரிபாருங்கள்

போட்ட கணக்கையே திரும்பப் போடுவது சரிபார்ப்பு ஆகாது, வேறு வழியில் வர வேண்டும். கடைப் பக்கத்திலிருந்து வருவோம். ஒரு டயர் கடை நாளைக்கு 10 டயர் விற்று 300 நாள் திறந்திருந்தால் 3,000. 47.5 லட்சத்தை 3,000-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1,600 கடைகள், அதாவது சுமார் 31,000 பேருக்கு ஒரு கடை. ஒரு சிறு நகரத்துக்கு ஒரு டயர் கடை, நம்பும்படி இருக்கிறது. 3,000 பேருக்கு ஒன்று என்று வந்திருந்தால் எங்கோ ஒரு சுழியம் தப்பியிருக்கிறது.

எவ்வளவு நெருங்கினால் போதும்? 1945-இல் டிரினிட்டி அணுகுண்டுச் சோதனையின்போது இயற்பியலாளர் என்ரிக்கோ ஃபெர்மி காகிதத் துண்டுகளைக் கீழே விட்டு, அதிர்வலை அவற்றை எவ்வளவு தூரம் தள்ளியது என்று பார்த்து, வெடிப்பின் ஆற்றல் 10 கிலோடன் டிஎன்டி என்று மதிப்பிட்டார். உண்மையான அளவு அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அப்படியும் அது நல்ல மதிப்பீடாகவே பேசப்படுகிறது. கேஸிலும் அந்த அளவு நெருக்கம் போதும்.

படி 5: விடையோடு அதன் பலவீனத்தையும் சொல்லுங்கள்

எந்த அனுமானம் மாறினால் விடை அதிகம் ஆடும்? வாடகைக் கார் 3 லட்சத்துக்குப் பதில் 2 லட்சம் என்றால் 5 லட்சம் டயர் குறையும். சொந்தக் கார் டயர் 4 வருடத்துக்குப் பதில் 5 வருடம் தாங்கினால் 8 லட்சம் குறையும். எனவே “நேரம் இருந்தால் முதலில் டயர் ஆயுளைத்தான் விசாரிப்பேன்” என்று சொல்லலாம். கூடவே, கார்களில் 7% மட்டுமே உள்ள வாடகைக் கார்கள் டயர் விற்பனையில் மூன்றில் ஒரு பங்கு என்பதையும் சொல்லுங்கள். டயர் விற்க நினைக்கும் கம்பெனிக்கு மொத்த எண்ணைவிட இது பயன்படும், கேள்வி கேட்டவர் நிமிர்ந்து உட்காருவதும் இங்கேதான்.

அப்புறம் அவர் எதையாவது மாற்றிக் கேட்பார்: “சரி, வாடகைக் கார் எல்லாம் மின்சாரக் கார் ஆகிவிட்டால்?” மின்சாரக் கார் எடை கூடியது, டயர் சீக்கிரம் தேயும். 40,000-ஐ 30,000 ஆக்குங்கள். வருடத்துக்கு 2 செட், 3 லட்சம் காருக்கு 24 லட்சம், தொழிற்சாலை செட் 2 லட்சம் போக 22 லட்சம். மொத்தத்தில் 6 லட்சம் கூடும், மற்ற கட்டங்கள் எதையும் தொட வேண்டியதில்லை.